ஆற்றோடு போன சிட்டையை மறுபடி எழுதிய கதை

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. மழை உள்ளே வந்து திருவண்ணாமலையில் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 1 மாலை மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரே வீட்டில் ஏழு பேர் போய்விட்டார்கள். ஊர் முழுக்க அந்தத் துக்கத்தில் இருந்த அதே இரவில்தான் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையோரக் கிராமங்களில் விடிவதற்குள் வீட்டுக்குள் ஆறு வந்துவிட்டது.

அப்படித் தண்ணீர் புகுந்த ஒரு கிராமத்தில், தண்டராம்பட்டு வட்டத்தில், எனக்குப் பழக்கமான ஓர் அண்ணன் மளிகைக்கடை வைத்திருக்கிறார். கல்லாப்பெட்டி உயரத்துக்குத் தண்ணீர் நின்றதில் அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாம் போனது. அதைவிட அவரை உலுக்கியது கணக்கு போனதுதான். தினசரி விற்பனை எழுதும் சிட்டையும் கடன் நோட்டும் மேசைக்கு அடியில் இருந்திருக்கின்றன. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதக் கணக்கு. "சரக்க மறுபடியும் வாங்கிடலாம் தம்பி, யார் யார் எவ்ளோ தரணும்னு எதை வெச்சு கேக்கறது?" என்றார்.

கடையை மறுபடி திறக்க முத்ரா கடன் கேட்டிருந்தார். வங்கியில் விற்பனை எவ்வளவு என்று கேட்டார்கள். நான் திருவண்ணாமலையில் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிற வேலையில் இருப்பதால் என்னிடம் வந்தார். போன கணக்கை எப்படித் திரும்பக் கட்டினோம் என்பதை விவரமாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கிற வேறு யாருக்காவது உதவும்.

எதை யாரிடம் கேட்பது

எங்களிடம் மூன்று ஆதாரங்கள் இருந்தன. அவர் போனுக்கு வந்த வங்கிக் குறுஞ்செய்திகள், சரக்கு கொடுத்தவர்களின் பில்கள், வாங்கினவர்களின் ஞாபகம். மூன்றையும் ஒன்றாகக் கொட்டிக் கூட்டினால் ஒரு தொகை வரும், ஆனால் அதற்கு அர்த்தம் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விஷயம்தான் நன்றாகத் தெரியும். மொத்தம் எவ்வளவு விற்றிருக்கும் என்பது சரக்கு பில்லுக்குத் தெரியும். அதில் எவ்வளவு போன் வழியாக வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்பது வங்கிக்குத் தெரியும். யார் பாக்கி என்பது மனிதர்களுக்குத்தான் தெரியும். ஒன்றுக்குத் தெரியாததை அதனிடம் கேட்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் பில்

நனைந்த பில்களை ஒரு பையில் அள்ளி வைத்திருந்தார். வெயிலில் காய வைக்கப் போனவரைத் தடுத்தேன். மெஷினில் வழவழப்பான தாளில் அடித்து வரும் பில் சூட்டில் கறுத்துப்போகும். இஸ்திரிப் பெட்டி வைத்தால் ஒரு எழுத்தும் மிஞ்சாது. செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து நிழலில் காயவைத்து, பிரிக்க வந்ததும் உடனே போனில் படம் எடுத்துக்கொண்டோம். கையால் எழுதின பில்களில் பால்பாயின்ட் பேனாவில் எழுதியவை தப்பித்தன, ஜெல் பேனாவில் எழுதியவை நீலக் கறையாகிப் போயிருந்தன.

பில் பாதிதான் மிஞ்சியது. ஆனால் ஒரு பில்லுக்கு இரண்டு முனை உண்டு. இந்த முனையில் அழிந்தால் அந்த முனையில் இருக்கும். சின்னக்கடைத் தெருவில் அவர் வழக்கமாகச் சரக்கெடுக்கும் மொத்தக்கடையில் கம்ப்யூட்டரில் அவர் பெயரில் கணக்கு இருந்தது. ஏப்ரல் 1 முதல் ஒரு பிரின்ட் கேட்டோம், எடுத்துக் கொடுத்தார்கள். பிஸ்கட், சோப்பு, ஷாம்பு ஏஜென்சிகளின் லைன் வேன் பையன்கள் போனிலேயே ஆர்டர் போடுகிறவர்கள். பழைய ஆர்டர்கள் அதில் தேதியோடு வரிசையாக இருந்தன. களம்பூர் பக்கத்து அரிசி ஆலையில் நோட்டுதான், ஆனால் ஒழுங்கான நோட்டு.

ஜிஎஸ்டி பதிவு இருக்கும் கடையாக இருந்தால் இந்த அலைச்சலில் பாதி மிச்சம். சரக்கு கொடுத்தவர் பில்லைத் தாக்கல் செய்ததும் அது நமது ஜிஎஸ்டி கணக்கில் GSTR-2B-யில் வந்து நிற்கும். இவர் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு ரொம்பக் கீழே, அதனால் பதிவு இல்லை. பதிவில்லாதவர் வாங்கியது அங்கே அவர் பெயரில் தெரியாது. எனவே கடை கடையாகத்தான் போக வேண்டியிருந்தது.

பில்லே இல்லாத கொள்முதலும் உண்டு. முட்டை, காய்கறி, வெற்றிலை, உள்ளூரில் வாங்கின வேர்க்கடலை. "எஸ்டிமேட்" என்று எழுதித் தரும் துண்டுச் சீட்டுகளும் இருந்தன. முட்டை வண்டிக்காரரிடம் வாரத்துக்கு எத்தனை அட்டை என்று கேட்டோம். அண்ணனிடமும் தனியாகக் கேட்டோம். இரண்டும் பக்கத்தில் வந்தால் குறைந்ததை எடுத்துக்கொண்டோம். இப்படி எட்டு மாதக் கொள்முதல் 9 லட்சத்து 20 ஆயிரத்துக்கு வந்து நின்றது.

இனி ஆரம்ப இருப்பு. மார்ச் 31-ல் கடையில் எவ்வளவு சரக்கு இருந்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? போன வருஷத்து ஐடிஆர்-4 படிவத்தில் இருந்தது. 44ஏடி பிரிவில் கணக்குப் புத்தகம் இல்லாமல் வருமானம் காட்டுகிறவர்கள்கூட அந்தப் படிவத்தில் சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய பாக்கி, கையிருப்பு நான்கையும் நிரப்ப வேண்டும். பலரும் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிடுவார்கள். இவர் அன்றைக்கு உண்மையாக எண்ணிப் பார்த்துச் சொல்லியிருந்தார். சரக்கு 55,000, வரவேண்டிய கடன் 38,000. அந்த இரண்டு எண்களும் இப்போது எங்களுக்கு அஸ்திவாரமாகிவிட்டன.

கடைசி இருப்பு என்பது வெள்ளத்தில் நனைந்தது. அள்ளிக் கொட்டுவதற்கு முன் அண்ணி ஒவ்வொரு மூட்டையையும் படம் எடுத்து வைத்திருந்தார். அதை வைத்து வாங்கின விலையில் 65,000 என்று போட்டோம். 55-ம் 920-ம் கூட்டி 65 கழித்தால் 910. இதில் வீட்டுக்கு எடுத்துச் சமைத்தது, எலி கடித்தது, தேதி முடிந்து வீசியது என்று 30 கழித்தால் 880. அதாவது 8 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வாங்கின சரக்கு விற்றிருக்கிறது.

லாபம் எவ்வளவு என்பதில்தான் சிக்கல்

வாங்கின விலை தெரிந்தால் விற்ற விலை தெரிய லாப விகிதம் வேண்டும். "பத்துக்கு ரெண்டு நிக்கும் தம்பி" என்றார் அண்ணன். எல்லாக் கடைக்காரரும் இப்படிக் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள், ஏனென்றால் நன்றாக நிற்கிற சாமான்தான் மனதில் நிற்கும். அதனால் அதிகம் ஓடுகிற சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

சர்க்கரை 50 கிலோ மூட்டை கிலோ 42 ரூபாய் மேனிக்கு 2,100. விற்பது 45. ஐம்பது கிலோவுக்கும் 45 போட்டால் 2,250 வரும். ஆனால் கால் கிலோ, நூறு கிராமாகக் கட்டுகிற கடையில் மூட்டைக்கு ஒரு கிலோ சிந்தியும் நிறுவையில் தாராளமாகப் போயும் காணாமல் போகும். 49 கிலோவுக்கு 2,205. மிஞ்சுவது 105 ரூபாய், நூற்றுக்கு ஐந்துதான். முட்டை ஒரு அட்டை முப்பது, 171 ரூபாய்க்கு வாங்கி ஆறரைக்கு விற்கிறார். வழியில் இரண்டு உடைந்தால் 28-க்கு 182. அதிலும் ஆறு சதவீதம்தான். 26 கிலோ அரிசிச் சிப்பத்திலும் ஐந்து. மிக்சர், முறுக்கு, மிளகு, சீரகம் சின்னப் பொட்டலம் ஆகியவற்றில்தான் இருபதுக்கு மேல் நிற்கிறது. ஒவ்வொரு வகையிலும் எவ்வளவு வாங்கினார் என்பதோடு பெருக்கிப் பார்த்தபோது மொத்தத்தில் வாங்கின விலைக்குப் பதினொரு சதவீதம் வந்தது. அவர் சொன்ன இருபதைப் போட்டிருந்தால் விற்பனை எண்பதாயிரம் ஊதிப்போயிருக்கும், அந்தப் பொய்ப் பணத்துக்கு வரிக்கும் கணக்கு காட்ட வேண்டியிருந்திருக்கும்.

8,80,000-க்குப் பதினொன்று சேர்த்தால் ஏறக்குறைய 9 லட்சத்து 77 ஆயிரம். எட்டு மாத விற்பனை இது.

வங்கி சொல்வதும் சொல்லாததும்

அடுத்து போன். குறுஞ்செய்தியை மட்டும் நம்பக்கூடாது. 2024 ஜூன் கடைசியிலிருந்து ஒரு பெரிய தனியார் வங்கி 500 ரூபாய்க்குக் கீழான யுபிஐ வரவுகளுக்குச் செய்தி அனுப்புவதை நிறுத்தியது. மளிகைக்கடைக்கு வருவதே இருபதும் ஐம்பதும்தான். எந்த வங்கியாக இருந்தாலும் கிளைக்குப் போய் முழு ஸ்டேட்மென்ட் வாங்கிவிடுங்கள். அதில் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
UPI/CR/4321XXXXXXXX/NAME/BANK/...
```

நடுவில் இருக்கிற 12 இலக்க எண்தான் முக்கியம். அதே எண் குறுஞ்செய்தியிலும் இருக்கும், பணம் அனுப்பினவர் போனிலும் இருக்கும். ஒரே வரவை இரண்டு முறை எழுதாமல் இருக்க அந்த எண்ணை வைத்துச் சரிபார்த்தோம். ஸ்டேட்மென்டில் தேதிதான் இருக்கும், செய்தியில் மணியும் இருக்கும். அதனால் செய்திகளையும் தூக்கிப் போடவில்லை.

இன்னொரு கண்ணி உண்டு. கடை க்யூஆர் தரும் சில நிறுவனங்கள் உண்டு. அவை அன்றைக்கு வந்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக வங்கியில் போடும். ஆப்பில் தனித்தனியாகவும், வங்கியில் மொத்தமாகவும் தெரியும். இரண்டையும் கூட்டினால் விற்பனை இரட்டிப்பாகிவிடும். ஆப் பட்டியலை ஒரு நாளைக்குக் கூட்டி, வங்கித் தொகையோடு பொருந்துகிறதா என்று பார்க்க மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

எட்டு மாதத்தில் வங்கியில் வந்தது 4 லட்சத்து 12 ஆயிரம். ஆனால் வந்ததெல்லாம் விற்பனை இல்லை. ஸ்டேட்மென்டைப் பார்த்துக்கொண்டே வந்தபோது 500, 1,000, 2,000 என்று முழு எண்களாகச் சில வரவுகள் கண்ணில் பட்டன. மளிகை வாங்கினால் 37, 112, 264 என்று வரும். யாரும் சரியாக ஆயிரத்துக்கு வாங்குவதில்லை. கேட்டதும் அண்ணி சொன்னார்: "ஊருல ஏடிஎம் இல்லல்ல? ஆயிரம் ஏத்தி வுடறேன், கைல குடுக்கா-ன்னு கேப்பாங்க. கல்லாவுலருந்து எடுத்துக் குடுப்போம்." போனில் ஆயிரம் வருகிறது, கல்லாவிலிருந்து ஆயிரம் போகிறது. விற்பனை சுழி. ஒவ்வொரு முழு எண்ணையும் அண்ணியோடு உட்கார்ந்து, அனுப்பினவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டோம். அப்படி 58,000 கழிந்தது. மகன் சென்னையிலிருந்து அனுப்பியதும், எடுத்த சீட்டுப் பணமும் 70,000. மிச்சம் 2 லட்சத்து 84 ஆயிரம்தான் கடை வியாபாரத்தில் வந்த பணம்.

இந்தப் பிரிவினை வருமான வரிக்கும் வேண்டும். அந்த வருஷத்துக்கு 44ஏடி-யில் ரொக்கமாக வந்த விற்பனைக்கு எட்டு சதவீதமும், வங்கி வழியாக வந்ததற்கு ஆறு சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்டலாம்.

யுபிஐ வரவு எந்த நாளில் கூடியதோ அதே விகிதத்தில் மொத்த விற்பனையையும் நாள்வாரியாகப் பிரித்துவிடலாமே என்று தோன்றும். நாங்கள் செய்யவில்லை. போனில் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிற இளவட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர்கள். காசு கொடுக்கிற பாட்டி தினமும் வாங்குவாள். ஒருத்தர் பழக்கத்தை இன்னொருத்தர் மேல் ஏற்றினால் அழகான அட்டவணை வரும், உண்மை வராது. மாதக் கணக்கோடு நிறுத்திக்கொண்டோம்.

ஞாபகத்திடம் தொகையைக் கேட்காதே

கடன் நோட்டுதான் கடைசியாகவும் கஷ்டமாகவும் இருந்தது. வாசல் வாசலாகப் போவதற்கு முன் அண்ணனை உட்கார வைத்து, அவருக்கு ஞாபகம் இருக்கிற பெயர்களையும் தொகைகளையும் ஒரு தாளில் எழுதச் சொன்னோம். அதை மடித்து அண்ணியிடம் கொடுத்துவிட்டோம். வீட்டுக்குப் போனால் முதலில் அவர் சொல்லக்கூடாது. "நீ ஆயிரத்து தொள்ளாயிரம் தரணும்" என்று ஆரம்பித்துவிட்டால், எதிரில் இருப்பவர் அதை ஒத்துக்கொள்வார் அல்லது சண்டைக்கு வருவார். இரண்டிலும் அவருடைய சொந்த ஞாபகம் வெளியே வராது.

எவ்வளவு பாக்கி என்றும் கேட்கவில்லை. என்ன வாங்கினீர்கள், கடைசியாக எப்போது பணம் கொடுத்தீர்கள் என்று கேட்டோம். தேதி யாருக்கும் தெரியாது. ஆனால் தீபாவளிக்கு முன்னாடியா பின்னாடியா, பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனதுக்கு அப்புறமா, சொசைட்டியில் பால் காசு போட்ட அன்றைக்கா என்று கேட்டால் உடனே வரும். அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31, ஐப்பசி பௌர்ணமி நவம்பர் 15. நாள்காட்டியை மடியில் வைத்துக்கொண்டே எழுதினோம்.

ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடி சொன்னாள்: "உரிமைத்தொகை வந்துச்சே, அதுக்கு மறுநாளு பேரன் போன்ல ஐநூறு போடச் சொன்னேன். அதுக்கு அப்பறம் ஒரு சோப்பு, ரெண்டு பாமாயிலு. அவ்ளோதான் கண்ணு." மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் மாதாமாதம் 15-ம் தேதி வாக்கில் வரும். ஸ்டேட்மென்டைப் புரட்டினால் நவம்பர் 16-ல் பேரன் பெயரில் 500 இருந்தது. பாட்டி சொன்ன மற்ற சாமான்களுக்கும் விலை போட்டு எழுதிக்கொண்டோம். ஞாபகத்துக்கு வங்கி சாட்சி சொன்ன இடம் அது.

முரண்பட்ட இடமும் உண்டு. மடித்த தாளில் 1,900 என்று இருந்த ஒருவர் 1,400-தான் என்றார். அவரே தீபாவளிக்கு முன்னால் ஒரு சிப்பம் அரிசி எடுத்ததாகச் சொன்னார். அரிசி ஆலை நோட்டில் அந்த வாரம் சிப்பம் இறங்கியிருந்தது, விலை 1,350, விற்றது 1,420. ஆக அரிசி மட்டுமே அவர் சொன்ன தொகையைத் தாண்டிவிட்டது. அவரும் யோசித்து, அதற்குப் பிறகு எண்ணெயும் பருப்பும் வாங்கியதைச் சேர்த்துக்கொண்டார். 1,780-ல் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். எதுவுமே கைகொடுக்காத இடத்தில் வாங்கினவர் சொன்னதையே எழுதினோம்.

ஒத்துக்கொண்ட தொகைக்குக் கீழே கையெழுத்தோ கைநாட்டோ தேதியோடு வாங்கினோம். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. காலவரம்புச் சட்டத்தில் இப்படிப்பட்ட கடனுக்கான மூன்று வருஷம், கெடுவுக்குள் எழுத்தில் ஒத்துக்கொண்ட நாளிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். பழைய நோட்டு இருந்திருந்தால்கூட அது மட்டும் போதாது. ஒழுங்காக எழுதி வந்த கணக்குப் புத்தகம் சாட்சியாகும், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் மேல் கடனைச் சுமத்த முடியாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 34-வது பிரிவிலேயே இருந்தது. இப்போதைய புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. அந்த வகையில் கையெழுத்துப் போட்ட புதிய பட்டியல், போன நோட்டைவிட உறுதியானது. மொத்தப் பாக்கி 71,000.

கல்லாவை வைத்துச் சரிபார்த்தல்

இவ்வளவும் சரியா என்று தெரிய ஒரே வழி ரொக்கம். விற்பனை 9,77,000. ஆரம்பத்தில் வரவேண்டியிருந்த 38,000-ஐக் கூட்டி, இப்போதைய பாக்கி 71,000-ஐக் கழித்தால் கைக்கு வந்திருக்க வேண்டியது 9,44,000. அதில் போனில் வந்தது 2,84,000. ஆகவே காசாகக் கல்லாவில் விழுந்தது 6,60,000.

காசு வெளியே போன பக்கம்: சரக்குக்குக் காசாகக் கொடுத்தது 5,40,000, ஏடிஎம் மாதிரி எடுத்துக் கொடுத்தது 58,000, வீட்டுச் செலவு 80,000, வண்டி வாடகையும் கரண்ட் பில்லும் 24,000. ஆக 7,02,000. உள்ளே வந்ததைவிட 42,000 கூடுதலாக வெளியே போயிருக்கிறது. இல்லாத காசு எப்படிப் போகும்?

விற்பனையைக் கொஞ்சம் ஏற்றி இந்த ஓட்டையை அடைத்துவிடலாம் என்ற சபலம் வருகிற இடம் இதுதான். எண்ணைத் தொடாமல் கல்லாவில் வேறு என்ன காசு விழும் என்று கேட்டோம். "பால் காசு கல்லாவுலதான் போடுவேன், தனியா எதுக்கு வெக்கறது?" என்றார் அண்ணி. இரண்டு மாடு, மாதம் 4,500 வாக்கில், எட்டு மாதத்துக்கு 36,000. பால் ஊற்றுகிற அட்டை வெள்ளத்தில் போகாமல் மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருந்தது. ஆறாயிரம் மட்டும் விளங்கவில்லை. அதை அப்படியே "விளங்காத தொகை" என்று எழுதினோம்.

புதிய நோட்டின் முதல் பக்கத்தில், இது 2024 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மீண்டும் தொகுத்த கணக்கு என்று எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பில்லிலிருந்து வந்ததா, வங்கியிலிருந்தா, ஞாபகத்திலிருந்தா என்று ஓர் எழுத்தில் குறித்தோம். அசல் மாதிரி பழைய தேதி போட்டு எழுதினால் அது கள்ளக் கணக்கு, மற்ற எல்லாப் பக்கங்களின் மதிப்பையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

வங்கியில் கடன் பார்க்கும் அதிகாரி அதிக நேரம் பார்த்தது விற்பனைப் பக்கத்தை இல்லை, இந்தக் கல்லாப் பக்கத்தைத்தான். ஆறாயிரம் ஏன் என்று கேட்டார். தெரியவில்லை என்று அண்ணன் சொன்னார். கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். சுழியாக வந்து நிற்கும் கணக்கை யாரும் எளிதில் நம்புவதில்லை. உங்களுக்கு இப்படி ஒரு வேலை வந்தால், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தபின் மிஞ்சுகிற அந்தச் சின்னத் தொகையை மறைக்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்து உண்மையாகத் தேடினீர்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.